சிங்கப்பூர் வேலை ஒப்பந்தத்தில் போனஸும் ஸ்டாக் ஆப்ஷனும்: எதைச் சம்பளமாக எண்ணலாம்?

*ஐயா, வணக்கம். எனக்கு 29 வயது. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சிங்கப்பூரில் ஒரு தனியார் ஸ்டார்ட்அப்பில் வேலை கிடைத்திருக்கிறது, செப்டம்பர் 1 அன்று சேரச் சொல்கிறார்கள். மாதச் சம்பளம் 7,500 சிங்கப்பூர் டாலர். அதோடு ஒரு மாத ஆண்டிறுதிப் போனஸ், இரண்டு மாதச் சம்பளம் வரை வேரியபிள் போனஸ், சேரும்போது 8,000 டாலர், நான்கு வருடத்துக்கு 12,000 ஸ்டாக் ஆப்ஷன். ஆப்ஷன் ஒன்றின் மதிப்பு 5 டாலர், மொத்தம் 60,000 டாலர் என்று ஹெச்.ஆர். சொன்னார். அந்தக் கணக்கில் முதல் வருடம் 1,35,500 டாலர் வருகிறது. இதை நம்பி ஃபேர்லேண்ட்ஸில் வீடு வாங்கக் கடன் எடுக்கலாமா என்று அப்பா கேட்கிறார். ஒப்பந்தத்தில் இந்தப் பகுதி எனக்குச் சரியாகப் புரியவில்லை. விளக்க முடியுமா?*

*— வாசகர், அம்மாபேட்டை, சேலம்*

கடன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அப்பா காத்திருப்பார். மாதத் தவணையை 7,500 டாலர் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆண்டிறுதிப் போனஸ் ஒப்பந்தத்தில் உறுதியாக எழுதப்பட்டிருந்தால் அதையும் சேர்த்து வருடத்துக்கு 97,500 எனலாம். மீதி 38,000 டாலரில் 8,000 ஒரே ஒரு முறை வருவது, 15,000 கம்பெனி மனம் வைத்தால் வருவது, ஆப்ஷனின் ஒரு வருடப் பங்கான இன்னொரு 15,000 இன்றைக்குப் பணமே அல்ல. மூன்றையும் சம்பளத்தோடு ஒரே கூட்டலில் போட்டதுதான் அந்த 1,35,500. ஹெச்.ஆர். பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகாதீர்கள்.

இனி ஒப்பந்தம். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் போனஸ் மூன்று இடங்களில் வருகிறது, மூன்றுக்கும் எழுதப்பட்ட விதம் வேறு.

ஆண்டிறுதிப் போனஸைச் சிங்கப்பூரில் 13-வது மாதச் சம்பளம் என்பார்கள். நம் ஊர் தீபாவளி போனஸுக்குச் சட்டம் இருப்பது போல அங்கே இதற்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் கொடுக்க வேண்டும். உங்களுடையதில் ‘வழங்கப்படும்’ என்றே இருக்கிறது, நல்லது. நிபந்தனை அடுத்த வரியில்: டிசம்பர் 31 அன்று வேலையில் இருக்க வேண்டும், வருடத்தின் நடுவில் சேர்ந்தவர்களுக்கு மாதக் கணக்கில் கிடைக்கும். செப்டம்பரில் சேரும் உங்களுக்கு முதல் டிசம்பரில் நான்கு மாதப் பங்கு, அதாவது 2,500 டாலர். பிற்பாடு எந்த வருடமாவது நவம்பரில் வேலையை விட்டால் அந்த வருடத்துப் போனஸ் முழுதும் போய்விடும்.

வேரியபிள் போனஸ் வேறு கதை. ‘இரண்டு மாதச் சம்பளம் வரை’ என்பதில் உள்ள அந்த ‘வரை’க்குள் பூஜ்யமும் அடங்கும். கூடவே, கொடுப்பதும் கொடுக்காததும் கம்பெனியின் முழு விருப்பம் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. இப்படி எழுதியிருந்தால், இலக்கை எல்லாம் முடித்துவிட்டேன் என்று காட்டினாலும் உரிமையாகக் கேட்பது கடினம். இதைவிட முக்கியமானது பணம் கொடுக்கும் தேதி பற்றிய வரி. ஜனவரி முதல் டிசம்பர் வரை செய்த வேலைக்கான போனஸ் அடுத்த மார்ச்சில் வருகிறது. அந்த நாளில் நீங்கள் வேலையில் இருக்க வேண்டும், ராஜினாமா நோட்டீஸும் கொடுத்திருக்கக் கூடாது. பிப்ரவரியில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஏப்ரல் வரை வேலை பார்த்தாலும் போனஸ் கிடையாது. இதைக் கவனிக்காமல் இரண்டு வாரம் முந்திக் கடிதம் கொடுத்து ஒரு வருட போனஸை விட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகே ராஜினாமாவைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

சேரும்போது தரும் 8,000 டாலரை 12 மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. யார் விலக்கினாலும் தர வேண்டுமா என்பதை அந்த வரி சொல்லவில்லை. ‘எந்தக் காரணத்தினாலும் வேலை முடிவுக்கு வந்தால்’ என்று பொதுவாக விட்டிருக்கிறார்கள். அதாவது ஆட்குறைப்பு செய்து அவர்களே அனுப்பினாலும் நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்று வாதாடலாம். இரண்டு திருத்தம் கேளுங்கள். நானாக ராஜினாமா செய்தால் மட்டும் என்று மாற்றட்டும். வேலை பார்த்த ஒவ்வொரு மாதத்துக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு கழியட்டும். சாதாரணமாக ஒத்துக்கொள்ளும் திருத்தம்தான் இது, கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

இப்போது ஆப்ஷன். பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

ஸ்டாக் ஆப்ஷன் என்பது பங்கு அல்ல, பங்கு வாங்கும் உரிமை. கன்னங்குறிச்சியில் ஒரு மனைக்குக் கிரய அக்ரிமென்ட் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். விலை இன்றைக்கே முடிவாகிவிடும், பணம் கொடுத்துக் கிரயம் செய்வது பிறகு. அதற்குள் மனை விலை ஏறினால் வித்தியாசம் உங்கள் லாபம், ஏறாவிட்டால் கிரயம் செய்யாமல் விட்டுவிடலாம். கெடு தாண்டினால் அக்ரிமென்ட் செல்லாது. ஆப்ஷனிலும் இன்றைக்கு முடிவு செய்யும் விலைக்கு ஸ்ட்ரைக் விலை என்று பெயர். அந்த விலையைக் கட்டிப் பங்கை வாங்குவது எக்சர்சைஸ்.

ஹெச்.ஆர். சொன்ன 60,000 டாலரில் உள்ள ஓட்டை இதிலிருந்தே தெரியும். அந்த 5 டாலர், கடைசியாக முதலீட்டாளர்கள் பணம் போட்டபோது அவர்கள் கொடுத்த விலை. உங்கள் ஸ்ட்ரைக் விலை 3 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஆப்ஷனின் லாபம் 5 அல்ல, 2. மொத்தம் 24,000 டாலர், அதுவும் நான்கு வருடம் முழுதாக இருந்தால். ஸ்ட்ரைக் விலையும் 5 டாலர் என்றே வைத்தால் இன்றைய லாபம் பூஜ்யம். உங்கள் ஒப்பந்தத்திலோ அந்த விலையே இல்லை. ‘இயக்குநர் குழு முடிவு செய்யும் விலை’ என்று மட்டும் இருக்கிறது. விலை எழுதாத மனை அக்ரிமென்ட்டில் உங்கள் அப்பா கையெழுத்துப் போடுவாரா?

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘12,000 ஆப்ஷன் வழங்கும்படி இயக்குநர் குழுவுக்குப் பரிந்துரைக்கப்படும்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பரிந்துரை வேறு, வழங்குவது வேறு. குழு ஒப்புதல் தந்து, கிராண்ட் லெட்டர் என்ற தனிக் கடிதம் உங்கள் கைக்கு வந்த பிறகே ஆப்ஷன் உண்டு. அந்தக் கடிதத்துக்கும் மேலே பங்குத் திட்ட விதிகள் என்று ஒரு நீண்ட ஆவணம் இருக்கும். வேலை ஒப்பந்தத்தில் ஆப்ஷன் பற்றி ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது, அதுவும் ‘திட்ட விதிகளுக்கு உட்பட்டது’ என்று முடிகிறது. முரண்பாடு வந்தால் அந்த விதிகள்தான் நிற்கும். அதனால் கையெழுத்துக்கு முன் அந்த விதிகளின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். சேர்ந்த பிறகு தருகிறோம் என்றால், சேருவதற்கு முன்பே வேண்டும் என்று பணிவாகத் திருப்பிச் சொல்லுங்கள்.

12,000 பெரிய எண்ணாகத் தெரிவது இன்னொரு மயக்கம். கம்பெனியில் மொத்தம் எத்தனை பங்கு என்று தெரியாமல் இதற்கு அர்த்தமில்லை. 1 கோடியே 20 லட்சம் பங்கு இருந்தால் உங்களுடையது ஆயிரத்தில் ஒரு பங்கு, 12 கோடி இருந்தால் பத்தாயிரத்தில் ஒன்று. மொத்தத்தைக் கேட்கும்போது, இன்னும் வழங்காத ஆப்ஷன்களையும் சேர்த்த எண்ணாகக் கேளுங்கள். பின்னால் புதிய முதலீடு வரும்போது உங்கள் விகிதம் இன்னும் குறையும், அது இயல்பு.

முதலீட்டாளர்களின் பங்கும் உங்கள் பங்கும் ஒரே வகை அல்ல. அவர்களுடையது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு, உங்களுடையது சாதாரணப் பங்கு. கம்பெனி விற்கப்பட்டால் அவர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம்தான் மற்றவர்களுக்கு. அவர்கள் 2 கோடி டாலர் போட்டிருந்து, நிலைமை கெட்டு, கம்பெனி அதே 2 கோடிக்கு விலைபோனது என்று வையுங்கள். 1 கோடியே 20 லட்சம் பங்கால் வகுத்தால் ஒவ்வொரு பங்குக்கும் ஒன்றரை டாலருக்கு மேல் வருகிறது, ஆனால் உங்கள் கைக்கு ஒன்றும் வராது. அதனால்தான் அந்த 5 டாலரை உங்கள் பங்கின் விலையாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, எல்லாம் நல்லபடியாகவே நடக்கிறது, ஸ்ட்ரைக் விலை 3 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேலையை விட்டுக் கிளம்பும் நாளைப் பற்றி. சேரும் நாளில் அதை யாரும் யோசிப்பதில்லை.

ஆப்ஷன் மொத்தமும் முதல் நாளே உங்களுடையது ஆகிவிடாது. உங்கள் ஒப்பந்தப்படி முதல் 12 மாதம் முடிந்தால் கால்பங்கு, 3,000 ஆப்ஷன், ஒரே நாளில் உறுதியாகும். அதற்குமுன், பதினோராம் மாதக் கடைசியில் விலகினால்கூட ஒன்றும் கிடையாது. பிறகு 36 மாதத்துக்கு மாதம் 250 வீதம் உறுதியாகும். இதைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள்.

இரண்டு வருடம் மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு, நவம்பர் கடைசியில் சேலத்துக்குத் திரும்புகிறீர்கள் என்று வைப்போம். 27 மாதம். முதல் வருடத்துக்கு 3,000, அடுத்த 15 மாதத்துக்கு 3,750, ஆக 6,750 ஆப்ஷன் உறுதியாகியிருக்கும். மீதி 5,250 அன்றே ரத்து. டிசம்பர் 31 வரை இல்லாததால் அந்த வருட ஆண்டிறுதிப் போனஸும் இல்லை, அதை மேலேயே பார்த்தோம்.

அந்த 6,750 மட்டும் உங்களிடம் தங்கிவிடுமா? இல்லை. ஆப்ஷனின் ஆயுள் பத்து வருடம் என்று முதல் வரியில் இருக்கிறது. ஆனால் வேலையை விட்டால் 90 நாளுக்குள் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி என்று பின்னால் வருகிறது. பத்து வருடம் என்பது வேலையில் இருப்பவருக்குத்தான். வாங்குவதென்றால் 6,750 பங்குக்கு மூன்று டாலர் வீதம் 20,250 டாலர் கையிலிருந்து போட வேண்டும். கம்பெனி சந்தையில் பட்டியலிடப்படாததால் வாங்கிய பங்கை அடுத்த நாள் விற்று இந்தப் பணத்தை எடுக்கவும் முடியாது. இன்னும் சில வருடம் கழித்துப் பட்டியலிடலாம், விற்கப்படலாம், இரண்டும் நடக்காமலும் போகலாம். அதுவரை அது காகிதம்.

இதற்கு நடுவே வரி வந்து நிற்கும். சிங்கப்பூரில் ஆப்ஷனுக்கு வரி, பங்கை வாங்கும்போது. அன்றைய விலைக்கும் ஸ்ட்ரைக் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கணக்காகும். பிறகு விற்கும்போது வரும் மூலதன லாபத்துக்கு அங்கே வரி இல்லை. இதுவரை எளிது. ஆனால் வெளிநாட்டவர் வேலையை விடும்போது, இன்னும் வாங்காத ஆப்ஷனையும் வாங்கிவிட்டதாகவே கருதி வரி போடும் விதி ஒன்று இருக்கிறது. விலகும் தேதிக்கு ஒரு மாதம் முந்தைய விலையை எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் ஒரு பைசா லாபம் பார்த்திருக்க மாட்டீர்கள், வரி மட்டும் வந்துவிடும்.

அன்றைக்குப் பங்கின் மதிப்பு 6 டாலர் என்றால் ஒன்றுக்கு 3 டாலர் லாபம், 6,750-க்கு 20,250 டாலர். அந்த வருடம் பதினொரு மாதச் சம்பளம் 82,500 டாலர். இரண்டையும் கூட்டினால் 1,02,750. சிங்கப்பூரில் குடியிருப்பவருக்கான விகிதத்தில் 80,000 முதல் 1,20,000 டாலர் வரையான படிக்கு 11.5 சதவீதம். ஆப்ஷன் லாபம் முழுதும் அந்தப் படிக்குள் விழுவதால் வரி சுமார் 2,329 டாலர். கழிவுகளைச் சேர்த்தால் கொஞ்சம் மாறும். பங்கையும் வாங்குவதென்றால் மொத்தம் ஏறக்குறைய 22,600 டாலர் கையிலிருந்து போக வேண்டும், அதுவும் வேலை இல்லாத சமயத்தில்.

இந்த வரி உங்களிடமிருந்து வசூலாகும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே உங்களைப் போன்றவர்களுக்கு மாதாமாதம் டி.டி.எஸ். பிடிப்பதில்லை, வருடம் முடிந்து கணக்குக் காட்டிக் கட்டுவதுதான் வழக்கம். ஆனால் வெளிநாட்டு ஊழியர் விலகும்போது கம்பெனி ஐ.ஆர்.21 என்ற படிவத்தை வருவாய் ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். வரிக் கணக்கு தீரும்வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் கையில் நிறுத்தி வைக்க வேண்டும். கடைசி மாதச் சம்பளம், விடுப்புக்கான பணம் எல்லாம் இதில் அடக்கம். அதே நேரத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தாகி, நாட்டில் தங்க வழக்கமாக 30 நாள் கொடுப்பார்கள். ஆப்ஷன் கெடு 90 நாள், தங்கும் கெடு 30 நாள், கடைசிச் சம்பளமோ நிறுத்தத்தில். அதனால் கிளம்பும்போது அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாமல், பங்கு வாங்க வேண்டிய தொகையை அதிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சேலத்திலிருந்து திரும்ப அனுப்புவது தேவையில்லாத வேலை.

வாங்கிவிட்டதாகக் கருதி வரி போடும் விதிக்கு இரண்டு நிவாரணம் உண்டு. கம்பெனி முன்கூட்டியே வருவாய் ஆணையத்திடம் அனுமதி வாங்கியிருந்தால், கருதி வரி போடுவதற்குப் பதில், நீங்கள் உண்மையில் பங்கை வாங்கும்போது கம்பெனியே கணக்குக் கொடுக்கலாம். அந்த அனுமதி இருக்கிறதா என்பது ஹெச்.ஆருக்குத் தெரியாமலும் இருக்கலாம், நிதித்துறையைக் கேட்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் வரி கட்டிய பிறகு, உண்மையான லாபம் குறைவாகவே வந்தது என்று காட்டினால் மறு மதிப்பீடு கேட்கலாம், அதற்கும் கெடு உண்டு. ஆப்ஷனை வாங்காமலே காலாவதியாக விட்டவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், கட்டிய வரி கட்டியதாகவே போய்விடுகிறது.

திட்ட விதிகள் கைக்கு வந்ததும் நேராக ‘விலகுபவர்’ பற்றிய பகுதிக்குப் போங்கள். சில கம்பெனிகள் விலகுபவரை நல்லவிதமாகப் போனவர், கெட்டவிதமாகப் போனவர் என்று பிரிக்கும். இரண்டாவது வகையில் விழுந்தால் ஏற்கெனவே உறுதியான 6,750-ம் போய்விடும். மோசடி செய்தவருக்கு அப்படி என்றால் நியாயம். போட்டிக் கம்பெனியில் சேர்ந்தவரையும், நான்கு வருடத்துக்குள் ராஜினாமா செய்த எல்லோரையும் அதே வகையில் தள்ளியிருந்தால், அந்த ஆப்ஷனை நான் பூஜ்யம் என்றே எழுதுவேன்.

கையெழுத்துக்கு முன் ஹெச்.ஆருக்கு ஒரே மின்னஞ்சல் போதும். ஸ்ட்ரைக் விலை எவ்வளவு அல்லது எந்த மதிப்பீட்டை வைத்து முடிவு செய்வார்கள், வழங்காத ஆப்ஷனையும் சேர்த்து மொத்தப் பங்கு எத்தனை, இயக்குநர் குழு எந்த மாதம் ஒப்புதல் தரும், திட்ட விதிகளின் பிரதி எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். 90 நாளை ஒரு வருடமாக நீட்டித் தர முடியுமா என்றும் கேளுங்கள். திட்ட விதிகளே இடம் கொடுக்காவிட்டால் உங்கள் ஒருவருக்காக மாற்றுவது சிரமம், ஆனால் நீட்டித் தரும் கம்பெனிகளும் இருக்கின்றன. பதில் வாய்மொழியாக வந்தால், ‘நீங்கள் தொலைபேசியில் சொன்னபடி’ என்று தொடங்கி எழுத்தில் திருப்பி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேரம் மட்டும் பேச இடமிருந்தால், கூடுதல் ஆப்ஷனைக் கேட்காமல் மாதச் சம்பளத்தில் 300 டாலர் கேளுங்கள். வருடத்துக்கு 3,600 டாலர், எந்த நிபந்தனையும் இல்லாமல் வரும். ஆண்டிறுதிப் போனஸும் 300 டாலர் உயரும்.

கடைசியாக இரண்டு சின்ன விஷயம். கிராண்ட் லெட்டர், திட்ட விதிகள், மாதாமாத வெஸ்டிங் கணக்கு எல்லாவற்றையும் வந்த அன்றே சொந்த மின்னஞ்சலில் சேமித்து வையுங்கள். கடைசி வேலை நாளில் அலுவலக மின்னஞ்சல் மூடிவிடும், அந்தத் தாள்கள் தேவைப்படுவதோ அதற்கு அடுத்த 90 நாளில். பங்கை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினால், இங்கே சாதாரணக் குடியிருப்பாளர் என்ற நிலை திரும்ப வந்த வருடத்திலிருந்து வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் அந்தப் பங்கைக் காட்ட வேண்டும். விற்காவிட்டாலும், லாபமே இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். அப்போது உங்கள் ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியில்லை.